திரும்பி வந்த அப்பாவைப் பார்த்தது யார்?

“அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்.” இதில் பார்த்தவர் யார் என்று எந்தத் தமிழரும் நின்று யோசிப்பதில்லை. வந்தவர் அப்பா, ஆகவே பார்த்தவரும் அப்பாதான். தமிழில் ‘வந்து’, ‘போய்’, ‘எடுத்து’ போன்ற வினையெச்சங்கள் பெரும்பாலும் தங்கள் எழுவாயையே அடுத்த வினைக்கும் கொடுத்துவிடும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் “அப்பா திரும்பி வந்து அம்மா பார்த்தாள்” என்று யாராவது சொன்னால் காது உடனே இடறும். பார்த்தது அம்மா என்றால் “அப்பா வந்ததும் அம்மா அவரைப் பார்த்தாள்” என்று வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மழைக்காட்டுப் பகுதியில் பேசப்பட்ட ஜிர்பல் மொழியில் இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. “அப்பா திரும்பினார், அம்மா அவரைப் பார்த்தாள்” என்பதை அங்கே எந்தச் சிரமமும் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். “அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்” என்று சொல்லத்தான் வினைச்சொல்லின் உருவத்தையே மாற்ற வேண்டும். பிரிட்டனில் பிறந்த மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் 1963-இல் அந்தப் பகுதிக்குப் போய்க் களப்பணியைத் தொடங்கினார். 1972-இல் வெளிவந்த அவருடைய ஜிர்பல் இலக்கணத்தில் இந்த மாற்றம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

சில சொற்களை அருகிலிருந்து பார்த்தால் நடப்பது விளங்கும். ஜிர்பலில் ‘ஙும’ என்றால் அப்பா, ‘யபு’ என்றால் அம்மா. ‘ஙும பனகஞு’ என்றால் அப்பா திரும்பினார். இதில் அப்பா என்ற சொல்லோடு எந்த வேற்றுமை உருபும் இல்லை.

இனி, இரண்டு பேர் தேவைப்படும் ஒரு வினை. ‘ஙும யபுங்கு புரன்’ என்றால் அம்மா அப்பாவைப் பார்த்தாள். தமிழாக இருந்தால் பார்க்கப்பட்டவரோடு ‘ஐ’ உருபு சேர்ந்திருக்கும். பார்த்தவர் வெறும் பெயராக நிற்பார். ஜிர்பலிலோ பார்க்கப்பட்ட அப்பா உருபில்லாமல் நிற்கிறார், பார்த்த அம்மாவோடு ‘ங்கு’ என்ற உருபு ஒட்டியிருக்கிறது. திரும்பி வந்த அப்பாவும் பார்க்கப்பட்ட அப்பாவும் ஒரே உருவத்தில் வருகிறார்கள். அந்த மொழியின் கணக்கில் அவர்கள் இருவரும் ஒரே வகை. பிறர்மீது ஒரு செயலைச் செய்பவர் மட்டும் தனி வகை.

வாக்கியங்களை இணைக்கும் விதியும் இந்தக் கணக்கின்படியே போகிறது. முதல் வாக்கியத்தில் உருபில்லாமல் நிற்பவர், இரண்டாம் வாக்கியத்திலும் உருபில்லாமல் நிற்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் அவரை இரண்டாம் முறை சொல்லாமல் விடலாம். எனவே ‘ஙும பனகஞு யபுங்கு புரன்’ என்பது முழுமையான, இயல்பான வாக்கியம். “அப்பா திரும்பினார், அம்மா பார்த்தாள்.” யாரை என்ற கேள்வியே அங்கே எழாது. பார்க்கப்பட்டவருக்குரிய இடம் காலியாக இருக்கிறது, அதை அப்பா நிரப்புகிறார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார் என்றால்தான் சிக்கல். அதைத் தனியாகச் சொன்னால் ‘யபு ஙுமங்கு புரன்’. இங்கே அப்பாவோடு ‘ங்கு’ இருக்கிறது. திரும்பி வந்த, உருபில்லாத அப்பாவோடு இவரை இணைக்க முடியாது. அதனால் பேசுபவர் ‘பார்’ என்ற வினையோடு ஒரு விகுதியைச் சேர்த்து, ‘புரன்’ என்பதை ‘புரல்ஙஞு’ ஆக்குகிறார். அந்த விகுதி சேர்ந்த கணமே மற்ற இரண்டும் மாறிவிடுகின்றன. அப்பாவிடமிருந்து ‘ங்கு’ கழன்று, அவர் வெறும் ‘ஙும’ ஆகிறார். அம்மாவோ முக்கிய இடத்திலிருந்து விலகி, ‘கு’ உருபு ஏற்று ‘யபுகு’ என்று ஓரத்துக்குப் போகிறாள். ‘ஙும புரல்ஙஞு யபுகு’. பொருள் அதேதான்: அப்பா அம்மாவைப் பார்த்தார். ஆனால் இலக்கணப்படி அந்த வினைக்கு இப்போது ஒரே ஒரு முக்கிய ஆள்தான், அது அப்பா. இனி இணைப்புக்குத் தடையில்லை: ‘ஙும பனகஞு புரல்ஙஞு யபுகு’. அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்.

அந்தக் ‘கு’ தமிழின் நான்காம் வேற்றுமையைப் போலவே ஒலிப்பது தமிழ்க் காதுக்கு உடனே தட்டுப்படும். ஒரு எழுத்து ஒத்துப்போவதை வைத்து இரண்டு மொழிகளுக்கு உறவு சொல்ல முடியாது. அதை ஒரு தற்செயலாக மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.

இந்த வினை உருவத்தை மொழியியலாளர்கள் ஆன்ட்டிபாஸிவ் என்கிறார்கள். தமிழில் எதிர்ச் செயப்பாட்டுவினை எனலாம். பள்ளியில் படித்த செயப்பாட்டுவினையை நினைத்துக்கொண்டால் பெயரின் காரணம் புரியும். “அம்மா அப்பாவால் பார்க்கப்பட்டாள்” என்னும்போது செய்தவர் ‘ஆல்’ உருபோடு ஓரத்துக்குப் போகிறார், செயப்படுபொருள் எழுவாயாகிறது. எதிர்ச் செயப்பாட்டில் ஓரத்துக்குப் போவது செயப்படுபொருள். செய்தவர் தனித்து நிற்கிறார். அதைக் கண்டுகொள்ள மூன்று அடையாளங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்: வினையில் ஒரு விகுதி, செய்தவரிடம் உருபு மாற்றம், செயப்படுபொருளின் இறக்கம். செயப்படுபொருளைப் பேச்சில் விட்டுவிடுவது மட்டும் எதிர்ச் செயப்பாடு ஆகாது. “சாப்பிட்டாயா?” என்று தமிழில் எதைச் சாப்பிட்டாய் என்று சொல்லாமலே கேட்கிறோம். அங்கே வினையின் உருவம் மாறவே இல்லை.

எல்லா மொழிகளிலும் இதற்கு ஒரே வேலை இல்லை. ஜிர்பலில் வாக்கியங்களைக் கோப்பது அதன் பெரிய வேலை. கிரீன்லாந்தின் இன்யூட் மொழியிலோ, இன்னதென்று குறிப்பிடாத பொருளைப் பற்றிப் பேசும்போது இது வருகிறது. குறிப்பிட்ட ஒரு கடல்நாயை வேட்டையாடினான் என்றால் சாதாரண வினை. ஏதோ ஒரு கடல்நாயை என்றால் எதிர்ச் செயப்பாட்டு வினை.

ஜிர்பலில் இன்னொரு விகுதியும் இருக்கிறது. ‘தன்னைத் தானே’ என்ற பொருளைத் தருவதற்கானது அது. ‘மறை’ என்ற வினையோடு சேர்ந்தால் ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டான் என்று பொருள். அதே விகுதி ‘தின்’ என்ற வினையோடும் சேர்கிறது. அப்போது ஒருவன் தன்னையே தின்றான் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. அவன் தின்றான், அவ்வளவுதான். தற்சுட்டுப் பொருள் கரைந்துபோய், செயப்படுபொருளின் இடத்தை மூடும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதிர்ச் செயப்பாடும் நடுவினையும் எவ்வளவு நெருக்கமானவை என்பது இங்கே தெரிகிறது.

நடுவினை என்பது, செய்பவரே அந்தச் செயலின் விளைவையும் ஏற்கும்போது வினை எடுக்கும் உருவம். அதை வாழும் ஒரு மொழியில் தெளிவாகப் பார்க்க ரஷ்ய மொழிக்குப் போகலாம். அங்கே வினையின் கடைசியில் ‘ஸ்யா’ என்ற ஒட்டு சேர்கிறது. பழங்காலத்தில் அது ‘தன்னை’ என்ற பொருளுள்ள தனிச்சொல். பிறகு வினையோடு ஒட்டிக்கொண்டது. தாய் குழந்தையைக் கழுவுகிறாள் என்றால் சாதாரண வினை. குழந்தை தானே உடல் கழுவிக்கொள்கிறது என்றால் ‘ஸ்யா’ சேர்ந்த வினை. கழுவுபவரும் கழுவப்படுபவரும் இங்கே ஒருவரே.

ஒருவன் கதவைத் திறந்தான் என்பதற்கு வெறும் வினை. கதவு திறந்தது என்றால் மறுபடியும் அந்த ஒட்டு. இந்த முறை திறந்தவன் காணாமல் போயிருக்கிறான், மிஞ்சியது கதவு. இனி மூன்றாவது: “அந்த நாய் கடிக்கும், பக்கத்தில் போகாதே.” இதற்கும் ரஷ்யர்கள் அதே ஒட்டைச் சேர்க்கிறார்கள். நாய் தன்னைக் கடித்துக்கொள்கிறது என்று பொருளில்லை. கடிபடுகிற ஆள் வாக்கியத்திலிருந்து நீங்கிவிட்டார், மிஞ்சியது கடிக்கிற நாய். ஜிர்பலின் எதிர்ச் செயப்பாடு செய்யும் வேலை கிட்டத்தட்ட இதுதான்.

ஒரே ஒட்டு எப்படி ஒருமுறை செய்தவரையும் இன்னொருமுறை செயப்படுபொருளையும் நீக்குகிறது? ‘தன்னை’ என்ற சொல் முதலில் செயப்படுபொருளின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. காலப்போக்கில் அதன் பொருள் தேய்ந்து, ‘இந்த வினைக்கு இனி ஒருவர் போதும்’ என்பது மட்டும் எஞ்சியது. அந்த ஒருவர் யார் என்பதை வினையின் பொருள் முடிவு செய்கிறது. கதவு திறப்பது யாரும் கண்ணில் படாமலே நடக்கக்கூடிய மாற்றம். ஆகவே கதவு மிஞ்சுகிறது. கடிப்பது நாயின் குணம். ஆகவே நாய் மிஞ்சுகிறது. இந்த மூன்றாவது பயன்பாட்டுக்கு எல்லையும் உண்டு. அது சில வினைகளோடு மட்டுமே வரும், பெரும்பாலும் வழக்கத்தையும் இயல்பையும் மட்டுமே சொல்லும். நேற்று மாலை அந்த நாய் ஒருவரைக் கடித்தது என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் ஒட்டைக் கழற்றிவிட்டு வெறும் வினைக்குத் திரும்ப வேண்டும்.

தமிழ் பெரும்பாலும் எதிர்த் திசையில் நடக்கிறது. ரஷ்ய மொழியில் ‘கழுவு’ என்பது இருவர் வினை. ஒட்டுச் சேர்த்து ஒருவர் வினையாக்குகிறார்கள். தமிழில் ‘குளி’ என்பதே ஒருவர் வினை. இருவர் தேவைப்படும்போது ‘குளிப்பாட்டு’ என்று நீட்டுகிறோம். ‘ஓடு’ என்பது ‘ஓட்டு’ ஆகிறது, ‘திருந்து’ என்பது ‘திருத்து’ ஆகிறது. தன்வினையிலிருந்து பிறவினைக்குப் போகும் பாதைதான் தமிழுக்குப் பழக்கமான பாதை. ‘திற’ என்ற வினை இன்னும் எளிது: கதவு திறந்தது, கதவைத் திறந்தான், இரண்டுக்கும் ஒரே உருவம்.

ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல், பலன் யாருக்கு என்பதை மட்டும் மாற்றிக் காட்டும் நடுவினையும் உண்டு. சமஸ்கிருதத்தில் வேள்வி செய்தலைக் குறிக்கும் வினை, பிறருக்காக அதை நடத்தித்தரும் புரோகிதரைப் பற்றிச் சொல்லும்போது ‘யஜதி’. பலனைத் தனக்கென வேண்டி வேள்வி செய்பவரைப் பற்றிச் சொல்லும்போது ‘யஜதே’. செயலின் பலன் செய்பவரைச் சேர்ந்தால் இரண்டாவது உருவம் வரும் என்று பாணினி தன் அஷ்டாத்யாயியில் விதி வகுத்திருக்கிறார். தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை இதற்கு அருகில் வருகிறது. “சோறு வடித்தான்” என்பதற்கும் “சோறு வடித்துக்கொண்டான்” என்பதற்கும் இடையே சோறு எங்கும் போய்விடவில்லை. அது யாருக்கான சோறு என்பதுதான் மாறியிருக்கிறது.

ஜிர்பலில் இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. டிக்சனுக்குப் பிறகு அதே பகுதிக்குச் சென்ற ஆனெட் ஷ்மிட், இளையவர்கள் பேசும் ஜிர்பலை ஆராய்ந்து 1985-இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் சூழ்ந்த அந்த ஊரில் மொழி ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. பேசுபவருக்குப் பேசுபவர் படிப்படியாகத் தேய்ந்தது. தேர்ச்சி குறைந்த இளையவர்களிடம் செய்தவரைக் காட்டும் ‘ங்கு’ உருபு ஆட்டம் கண்டு, கடைசியில் விடுபட்டுப் போயிற்று. யார் யாரைச் செய்தார் என்பதைச் சொற்கள் நிற்கும் வரிசையே காட்டத் தொடங்கியது. வாக்கியங்களை இணைக்கும்போதும் அவர்கள், வந்தவரே பார்த்தவர் என்று ஆங்கிலம் எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்பவருக்குத் திரும்பி வந்த அப்பாவை, பார்த்த அப்பாவோடு இணைக்க வினையில் எந்த விகுதியும் தேவைப்படுவதில்லை.