வயிறு வீங்கிய நாய்: புரதம் எந்த வழியாகப் போகிறது?

எட்டு வயது யார்க்‌ஷயர் டெரியர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில வாரங்களாக வயிறு பெருத்துக்கொண்டே வருகிறது. முதுகெலும்போ கைக்குத் தட்டுப்படுகிறது. சாப்பாடு குறையவில்லை. பேதியும் இல்லை. நாய் குண்டாகிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். மருத்துவர் ஊசி போட்டு வயிற்றிலிருந்து எடுக்கும் நீர் தெளிந்த தண்ணீராக வருகிறது. ரத்தத்தில் அல்புமின் 1.3 என்று முடிவு வருகிறது. நல்ல நாய்க்கு அது ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 2.6 முதல் 4 கிராம் வரை இருக்கும்.

ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு அல்புமினுடையது. அது 1.5க்குக் கீழே இறங்கினால் நீர் கசிந்து வயிற்றிலோ நெஞ்சுக்கூட்டிலோ கால்களிலோ தேங்கும். ஆனால் அல்புமின் குறைவு என்பது நோயின் பெயர் அல்ல. கல்லீரல் அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம், சிறுநீரகம் வெளியே விட்டிருக்கலாம், குடல் கசியவிட்டிருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. அதனால்தான் வீக்கத்தைப் பார்த்தவுடன் கல்லீரல் டானிக் கொடுத்துக் காத்திருப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்த வாரங்களில் நாய் மெலிந்துபோகும்.

வித்தியாசத்தைக் காட்டுவது குளோபுலின் என்ற இன்னொரு புரதம். சிறுநீரக வடிகட்டி பழுதானால் சிறிய அல்புமின் நழுவிப் போகும். உருவில் பெரிய குளோபுலின்கள் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். கொலஸ்ட்ரால் ஏறும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் நல்ல நாயில் 0.5க்குள் இருக்கும்; வடிகட்டி நோயில் அது பெரும்பாலும் 2க்கு மேல் போகும்.

கல்லீரல் தளர்ந்தால் அல்புமின் உற்பத்தி குறையும். நோயெதிர்ப்புக்கான குளோபுலின்களைச் செய்வது கல்லீரல் அல்ல என்பதால் மொத்தக் குளோபுலின் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும். யூரியா, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் குறையலாம். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. சுருங்கிப்போன கல்லீரலில் என்சைம் அளவுகள் சாதாரணமாகவே தெரியக்கூடும். அதனால் உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் பித்த அமிலம் பார்க்க வேண்டும்.

குடலில் பெரிது சிறிது என்ற பேதமே இல்லை. குடல் சுவரில் கொழுப்பை ஏந்திச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் வீங்கி வெடிக்கும்போது அல்புமின், குளோபுலின், கொழுப்பு, வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் எல்லாம் சேர்ந்தே குடலுக்குள் கொட்டும். கால்சியமும் மெக்னீசியமும்கூடக் குறையும். நம் டெரியரின் குளோபுலின் 1.6, கொலஸ்ட்ரால் 85, லிம்போசைட் குறைவு. சிறுநீர் விகிதம் 0.2; பித்த அமிலம் சரி. மூன்றில் இரண்டு வழிகள் அடைபட்டுவிட்டன. மிஞ்சுவது குடல். பேதி இல்லை என்பது குடலுக்கு நற்சான்று அல்ல. புரதம் கசியும் நாய்கள் சில, கடைசிவரை கெட்டியாகவே மலம் கழிக்கும்.

அவசரப்பட்டும் முடிவு கட்டக்கூடாது. கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கும்போதும் இரண்டு புரதங்களும் குறையும். கூடவே ரத்தசோகை இருக்கும். அட்ரினல் சுரப்பி தளரும் அடிசன் நோயும் இதே வேஷம் போடும். உண்ணிக் காய்ச்சல் குளோபுலினை ஏற்றிவிடுவதால் குடல் கசிவை மறைத்துவிடும். சாஃப்ட் கோட்டட் வீட்டன் டெரியர் இனத்தில் ஒரே நாய்க்கே குடல் கசிவும் சிறுநீரகக் கசிவும் சேர்ந்து வருவதுண்டு. புற்றுநோயா அழற்சியா என்று உறுதியாகச் சொல்வது குடலிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குதான். ஆனால் இவ்வளவு குறைந்த அல்புமினில் வயிற்றைத் திறந்தால் தையல் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. எண்டோஸ்கோப் வழி பாதுகாப்பானது.

நிணநீர்க் குழாயை வீங்கவைப்பது உணவிலுள்ள கொழுப்பு. ஆகவே முதல் மருந்து சோற்றுத் தட்டில்தான் இருக்கிறது. தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் உருளைக்கிழங்கும் சில வாரங்களுக்குப் போதும். நெய், முட்டை மஞ்சள் கரு, எலும்பு சூப் எதுவும் கூடாது. நீண்ட காலத்துக்கு என்றால் கால்சியமும் வைட்டமின்களும் கணக்கிட்டுச் சேர்த்த உணவு வேண்டும். யார்க்‌ஷயர் டெரியர்களில் உணவு மாற்றம் மட்டுமே அல்புமினை மீட்ட நாய்கள் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள் சேரும். பி12 குறைவாக இருந்தால் அதையும் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள்.

ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் அல்புமினோடு கசிந்துவிடுவதால் ரத்தக்கட்டி உருவாகலாம். நாய்க்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ பின்கால்கள் விழுந்துவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அல்புமின் குறைவு என்று சீட்டில் பார்த்தால், குளோபுலின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள்.