பதினெட்டு வாக்கு வித்தியாசம்: பள்ளித் தேர்தல் முடிவு அட்டவணையின் கணக்கு

பள்ளி மாணவர் தலைவர் தேர்தல் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் முடிவு அட்டவணையில் வேட்பாளர், பெற்ற வாக்குகள், வாக்கு சதவீதம் என்ற மூன்று விவரங்களும், அடியில் வெற்றி வித்தியாசமும் இருக்கும். பார்வைக்கு எளிய அட்டவணைதான். ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது, எதை எதோடு கூட்டுவது என்பதில் ஓரிடம் தவறினாலும் தோற்றவர் வென்றவராகிவிடக்கூடும். ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 720 மாணவர்கள் வாக்குரிமை பெற்றிருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். குடை, பட்டம், மணி, பென்சில் என நான்கு சின்னங்களில் நான்கு பேர் போட்டியிடுகிறார்கள். வாக்குச் சீட்டில் பிடித்த சின்னத்துக்கு எதிரே முத்திரை குத்த வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஒரு பெட்டி, 9, 10 வகுப்புகளுக்கு ஒன்று, 11, 12 வகுப்புகளுக்கு ஒன்று என மூன்று வாக்குப் பெட்டிகள் வைக்கப்படுகின்றன.

வேட்பாளரின் வாக்குகளை எண்ணுவதற்கு முன் சீட்டுகளின் கணக்கு முடிய வேண்டும். அன்று மொத்தம் 648 சீட்டுகள் வழங்கப்பட்டன. பெட்டிகளைத் திறந்து எண்ணியபோது கிடைத்தவை 646. இரண்டு சீட்டுகள் பெட்டிக்குள் விழவே இல்லை. யாரோ மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கிடைத்த 646 சீட்டுகளில் 16 செல்லாதவை: சில இரண்டு சின்னங்களில் முத்திரை விழுந்தவை, சில எதுவும் குத்தாமல் மடித்துப் போட்டவை. எஞ்சிய 630 சீட்டுகள்தான் செல்லத்தக்க வாக்குகள். வழங்கியதைவிடப் பெட்டியில் குறைவாக இருந்தால் அதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு. கூடுதலாக இருந்தால் கள்ளச் சீட்டு நுழைந்திருக்கிறது அல்லது வழங்கிய கணக்கு தவறு. அதைத் தீர்க்காமல் மேற்கொண்டு எண்ணக் கூடாது.

அடுத்து ஒவ்வொரு பெட்டியின் சீட்டுகளும் சின்னவாரியாகப் பிரிக்கப்பட்டு, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டப்படுகின்றன. ஒருவர் சின்னத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நேர்க்கோட்டுக் குறி போட, வேட்பாளர்களின் முகவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கட்டுகளின் எண்ணிக்கையும் குறிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே எண் தாளில் ஏறும். இப்படிக் கிடைத்த பெட்டிவாரி அட்டவணை இது:

| சின்னம் | 6–8 வகுப்பு | 9–10 வகுப்பு | 11–12 வகுப்பு | மொத்தம் |
|---|---|---|---|---|
| குடை | 131 | 72 | 44 | 247 |
| பட்டம் | 64 | 76 | 89 | 229 |
| மணி | 52 | 41 | 25 | 118 |
| பென்சில் | 13 | 11 | 12 | 36 |
| செல்லத்தக்கவை | 260 | 200 | 170 | 630 |
| செல்லாதவை | 9 | 4 | 3 | 16 |

இந்த அட்டவணையை இரண்டு வழியிலும் கூட்டிப் பார்க்க வேண்டும். நான்கு வேட்பாளர்களின் மொத்தத்தைக் கூட்டினால் 630. மூன்று பெட்டிகளின் செல்லத்தக்க வாக்குகளைக் கூட்டினாலும் 630. இரண்டு கூட்டலும் ஒரே எண்ணில் வந்து நின்றால்தான் அட்டவணை நேர்.

இந்தச் சோதனை வெறும் சடங்கல்ல. முதல் பெட்டியில் குடைக்குக் கிடைத்த 131-ஐத் தாளில் எழுதும்போது இலக்கம் இடம் மாறி 113 என்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். குடையின் மொத்தம் 229 ஆகிவிடும், பட்டமும் 229. வெற்றி பெற்றவருக்குச் சமநிலை என்று அறிவிப்பு வந்துவிடும். வேட்பாளர்களின் மொத்தங்களைக் கூட்டினால் 612 வரும். பெட்டிவாரியாக எண்ணி வைத்த செல்லத்தக்க சீட்டுகளோ 630. இடைவெளி 18. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் பிழை எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும் என்பது கணக்கர்களுக்குப் பழகிய உண்மை. 18 ஒன்பதால் வகுபடுகிறது. ஆகவே சீட்டுக் கட்டுகளை மறுபடி பிரிப்பதற்கு முன், எண்களைப் படியெடுத்த தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மொத்தங்கள் உறுதியானதும் சதவீதக் கணக்கு. ஒரு வேட்பாளர் பெற்ற வாக்கைச் செல்லத்தக்க மொத்த வாக்குகளால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். குடைக்கு 247-ஐ 630-ஆல் வகுத்தால் 39.21 சதவீதம்.

| சின்னம் | வாக்குகள் | சதவீதம் |
|---|---|---|
| குடை | 247 | 39.21 |
| பட்டம் | 229 | 36.35 |
| மணி | 118 | 18.73 |
| பென்சில் | 36 | 5.71 |
| மொத்தம் | 630 | 100.00 |

எதால் வகுத்தோம் என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. அதே 247 வாக்கைப் பெட்டியில் கிடைத்த 646 சீட்டுகளால் வகுத்தால் 38.24 சதவீதம், வாக்குரிமை பெற்ற 720 பேரால் வகுத்தால் 34.31 சதவீதம். மூன்றும் சரியான எண்களே, ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை. ஒருவருக்கு ஒன்றாலும் இன்னொருவருக்கு மற்றொன்றாலும் வகுத்துவிட்டால் ஒப்பீடே செல்லாது. வாக்குப்பதிவு சதவீதம் தனிக் கணக்கு: வழங்கப்பட்ட 648 சீட்டுகளை 720-ஆல் வகுத்தால் 90 சதவீதம்.

தசமத்தைச் சுருக்கும்போது ஒரு சிறு சங்கடம் வரும். மேலே உள்ளவற்றை ஓரிலக்கத் தசமத்துக்குச் சுருக்கினால் 39.2, 36.3, 18.7, 5.7 என்றாகும். கூட்டினால் 99.9. (பட்டத்தின் நுட்பமான மதிப்பு 36.349 என்பதால் 36.3 என்றே சுருங்கும்.) இது கூட்டல் பிழை அல்ல, ஒவ்வொரு எண்ணிலும் சிறிதளவு கழிந்ததன் விளைவு. நூறு வரவேண்டும் என்பதற்காக யாராவது ஒருவருக்கு 0.1 ஏற்றிக் கொடுப்பதுதான் பிழை. 'முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பெட்டிவாரியாகச் சதவீதம் போட்டு, அந்த மூன்று சதவீதங்களின் சராசரியை முடிவாகக் கொள்வது. குடையின் பங்கு முதல் பெட்டியில் 50.38, இரண்டாவதில் 36, மூன்றாவதில் 25.88 சதவீதம், சராசரி 37.42. பட்டத்தின் பங்கு முறையே 24.62, 38, 52.35, சராசரி 38.32. இந்தக் கணக்கில் பட்டம் வென்றுவிடுகிறது! மூன்றில் இரண்டு பெட்டிகளில் பட்டமே முன்னிலை என்பதால் இது நியாயம் போலவும் தோன்றும். ஆனால் முதல் பெட்டியில் 260 வாக்குகள், மூன்றாவதில் 170 மட்டுமே. சராசரி எடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே எடை கிடைக்கிறது. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் ஒரு வாக்கு, ஆறாம் வகுப்பு மாணவரின் ஒரு வாக்கைவிடக் கனத்துவிடுகிறது. எல்லா வாக்கும் சமம் என்றால் முதலில் வாக்குகளைக் கூட்ட வேண்டும், சதவீதம் அதற்குப் பிறகே.

கடைசியாக வெற்றி வித்தியாசம். இது முதலிடம் பெற்றவருக்கும் இரண்டாமிடம் பெற்றவருக்கும் இடையிலான இடைவெளி மட்டுமே: 247-இல் 229 போக 18. சதவீதத்தில் சொன்னால் 39.21-இல் 36.35 போக 2.86. இதை '2.86 சதவீதப் புள்ளி' என்று சொல்வதே சரி. 'குடை, பட்டத்தைவிட 2.86 சதவீதம் அதிக வாக்குப் பெற்றது' என்று எழுதினால் பொருள் மாறிவிடும். 229-இன் மேல் 18 என்பது 7.86 சதவீதம் கூடுதல்.

பதினெட்டு வாக்கில் வெற்றி என்றால் பதினெட்டுப் பேர் மனம் மாறியிருந்தால்தான் முடிவு மாறும் என்று பொருளல்ல. குடைக்குப் போட்ட ஒன்பது பேர் பட்டத்துக்கு மாறியிருந்தாலே இருவருக்கும் 238. பத்துப் பேர் மாறியிருந்தால் பட்டம் 239, குடை 237. ஒரு வாக்கு இடம் மாறும்போது ஒருவருக்குக் குறைவதும் மற்றவருக்குக் கூடுவதும் சேர்ந்து இடைவெளி இரண்டு வாக்கு சுருங்குகிறது. இன்னொன்று: குடை வென்றது என்றாலும் 383 மாணவர்கள் மற்ற மூவருக்கு வாக்களித்தவர்கள். அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற விதியில் இது முறையான வெற்றியே. 'பெரும்பான்மை ஆதரவு' என்று மட்டும் எழுத முடியாது, ஏனெனில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 316 வாக்கு, கிடைக்கவில்லை.

மறு எண்ணிக்கை கேட்கப்பட்டால் வித்தியாசத்தைச் செல்லாத சீட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது முதல் வேலை. இங்கே செல்லாதவை 16. அவை அனைத்தும் பட்டத்துக்கே உரியவை என்று ஏற்றுக்கொண்டாலும் பட்டம் 245-இல் நிற்கும். குடை இரண்டு வாக்கு முன்னே இருக்கும். காணாமல் போன இரண்டு சீட்டுகளையும் சேர்த்தால் சமநிலை வருமே என்று வாதிடலாம். ஆனால் பெட்டியில் விழாத சீட்டு வாக்கே அல்ல.

செல்லாத வாக்குகள் வித்தியாசத்தைவிட அதிகமானால் நிலைமை வேறு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே தகராறு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2019-இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவானது. எந்தச் சீட்டு செல்லும், எது செல்லாது என்ற விதியை வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டியதன் காரணம் இதுதான்.

உண்மையிலேயே சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு குலுக்கல் முறையைச் சொல்கிறது. குலுக்கலில் பெயர் வருபவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொண்டு முடிவு அறிவிக்கப்படும். பள்ளியும் இதையே பின்பற்றலாம், அல்லது இருவருக்கு மட்டும் மறுவாக்குப்பதிவு நடத்தலாம்.

பலகையில் ஒட்டப்படும் இறுதித் தாளில் வேட்பாளர்களின் வாக்குகளும் சதவீதங்களும் வித்தியாசமும் மட்டும் போதாது. வாக்குரிமை பெற்றவர் 720, வழங்கிய சீட்டு 648, பெட்டியில் இருந்தவை 646, செல்லாதவை 16, செல்லத்தக்கவை 630 என்ற ஐந்து எண்களும், அடியில் தேர்தல் பொறுப்பாசிரியர், முகவர்களின் கையொப்பங்களும் இருக்க வேண்டும். அவை இருந்தால் எந்த மாணவரும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து தானே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.