மூன்று பேருக்காக ஒரு புரொஃபைல் வேண்டாம்

விற்பனைப் பிரிவில் 40 பேர். எல்லாருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரே புரொஃபைல். ஆப்பர்ச்சூனிட்டி பதிவில் உள்ள தள்ளுபடி சதவீதத்தை அவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. அவர்களில் 3 மூத்தவர்களுக்கு மட்டும் அதை மாற்றும் உரிமை கொடுங்கள் என்கிறார் மேலாளர்.

புரொஃபைலை நகலெடுத்து, நகலில் அந்த உரிமையைச் சேர்த்து, மூவரையும் அதற்கு மாற்றிவிடத்தான் பலருக்கும் கை போகும். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். சில மாதம் கழித்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு புது ஃபீல்டு வரும். அட்மின் அதைப் பழைய புரொஃபைலில் மட்டும் திறந்துவிடுவார். "எனக்கு அது தெரியவே இல்லையே" என்று அந்த மூவரும் வந்து நிற்பார்கள். அடுத்து, ரிப்போர்ட்டை எக்ஸ்போர்ட் செய்யும் உரிமை வேறு இருவருக்குத் தேவைப்படும். அவர்களில் ஒருவருக்குத் தள்ளுபடியும் வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஒரு புரொஃபைல்தான் இருக்க முடியும் என்பதால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நகல் பிறந்துகொண்டே போகும்.

பெர்மிஷன் செட் இதற்காகவே இருக்கிறது. புரொஃபைலைத் தொடாமல் அதன்மேல் கூடுதல் உரிமையைச் சேர்க்கிறது. ஒருவருக்கே பல செட்டுகளைக் கொடுக்கலாம். Setup பக்கத்தில் Permission Sets போய், "தள்ளுபடி திருத்தம்" என்று வேலையைச் சொல்லும் பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். Object Settings பகுதியில் Opportunities திறந்து, தள்ளுபடி ஃபீல்டுக்கு எதிரே Edit Access டிக் செய்து சேமியுங்கள். பிறகு Manage Assignments வழியாக மூவரையும் சேர்த்தால் போதும்.

இவ்வளவு செய்தும் "இன்னும் மாற்ற முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால், முதலில் பேஜ் லேஅவுட்டைப் பாருங்கள். அங்கே அந்த ஃபீல்டு படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தால், பெர்மிஷன் செட் கொடுத்த உரிமை திரையில் பலிக்காது. எந்த லேஅவுட் யாருக்கு என்பதை இன்றும் புரொஃபைல்தான் தீர்மானிக்கிறது. தன் பதிவில் மாற்ற முடிகிறது, சக ஊழியரின் பதிவில் முடியவில்லை என்றால் சிக்கல் ஷேரிங் விதிகளில் இருக்கிறது.

பெர்மிஷன் செட் உரிமையைக் கூட்டும், குறைக்காது. புரொஃபைலில் டெலீட் உரிமை இருந்தால் எந்தச் செட்டாலும் அதைப் பிடுங்க முடியாது. ஆகவே எல்லாருக்கும் கட்டாயம் தேவையானதை மட்டும் புரொஃபைலில் வைத்து, மற்றதைச் செட்டுகளுக்கு விடுவதே என் பார்வையில் சரியான ஏற்பாடு.

மூவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போகிறார், அவர் இடத்தில் இன்னொருவர் வருகிறார் என்று வையுங்கள். செட்டை அவருக்குக் கொடுக்கும்போதே முடிவுத் தேதியையும் குறித்துவிடலாம். அந்த நாள் வந்ததும் உரிமை தானாகவே விலகிவிடும்.