குறைந்த கமிஷனைக் கேட்கும் கடிதம்

கோவையில் ஒரு சிறு இன்ஷூரன்ஸ் புரோக்கர் அலுவலகம். 2025 மார்ச் மாதத்துக்கான கமிஷன் ஸ்டேட்மெண்ட் ஏப்ரல் நடுவில் வந்தது. கணக்கு பார்க்கும் பெண் தன் கணக்கையும் அதையும் ஒப்பிட்டுவிட்டு முதலாளியிடம் போனார்.

"நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல குறையுதுங்க."

"எந்தப் பாலிசியில குறையுது கண்ணு?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட கணக்குகளைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்து வருகிறேன். பாதிப் பேர் இந்தப் பதில் கிடைப்பதற்கு முன்பே, "எங்களுக்கு ரூ. 43,857.50 பாக்கி" என்று கம்பெனிக்கு எழுதிவிடுகிறார்கள். கம்பெனியிலிருந்து "எங்கள் கணக்கு சரியே" என்று ஒரே வரியில் பதில் வரும். மொத்தத் தொகையைக் கேட்டு எழுதினால், மொத்தமாக மறுப்பது அவர்களுக்கு எளிது.

ஏஜெண்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். பல கம்பெனிகளிடம் விலை கேட்டு, பாலிசி எடுத்துக்கொடுத்து, இழப்பீடு வாங்கவும் துணை நிற்பவர். ஆனாலும் அவருக்குக் கூலி தருவது இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். பிரீமியத்தில் இத்தனை விழுக்காடு என்று அது கணக்கிடப்படுகிறது. 2023 மார்ச் வரை எந்த வகைப் பாலிசிக்கு எவ்வளவு வரை தரலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உச்சவரம்பு வைத்திருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்புகள் நீங்கின. பொதுக் காப்பீட்டுக் கம்பெனியின் நிர்வாகச் செலவு முழுவதும், கமிஷனும் சேர்த்து, மொத்தப் பிரீமியத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பொது வரம்பு வந்தது. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனியின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கைதான் முடிவு செய்கிறது. ஆகவே இப்போது விழுக்காட்டைச் சட்டப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அது இரு தரப்பு ஒப்பந்தத்திலும், அவ்வப்போது மின்னஞ்சலில் வரும் விகிதக் கடிதத்திலும் இருக்கிறது. அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தாதவருக்கு வழக்கே இல்லை.

அந்த அலுவலகத்தில் அன்று மாலை என்ன நடந்தது என்று பார்ப்போம். அடையாளம் தெரியாதிருக்கவும் கணக்கு எளிதாக விளங்கவும் எண்களை மாற்றியிருக்கிறேன். பாலிசிகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள்: எந்தப் பிரீமியத்தின் மேல், எந்த விழுக்காடு, யாருடைய பங்கு, எந்தத் தேதி.

முதலாவது, ஒரு நூற்பாலையின் தீ விபத்துப் பாலிசி. ஜிஎஸ்டி நீங்கலாகப் பிரீமியம் ரூ. 4,00,000. அதில் ரூ. 60,000 பயங்கரவாதச் சேதத்துக்கான பகுதி. ஒப்பந்தப்படி தீ விபத்துப் பகுதிக்கு 12 விழுக்காடு, பயங்கரவாதப் பகுதிக்கு 5. அதாவது 40,800 உடன் 3,000, மொத்தம் ரூ. 43,800 வர வேண்டும். வந்தது ரூ. 26,280. பெரிய ஓட்டை போலத் தெரிந்தது. பாலிசியைப் பிரித்துப் பார்த்தால், காப்பை இரண்டு கம்பெனிகள் 60க்கு 40 என்று பங்கு போட்டிருந்தன. 43,800இல் 60 விழுக்காடு சரியாக 26,280. ஒப்பந்தம் என்ன சொல்கிறது? ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கான கமிஷனைத் தானே தரும் என்கிறது. மீதி ரூ. 17,520ஐ இரண்டாவது கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் முன்னணிக் கம்பெனியே முழுத் தொகையையும் கொடுத்துவிடும். எது என்று படிக்காமல் எழுதினால் கடிதம் முதல் வரியிலேயே தோற்கும்.

இரண்டாவது, பத்து லாரிகள். 20 டன்னுக்கு மேல் 40 டன்னுக்குள் எடை கொண்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பின் அப்போதைய ஆண்டுப் பிரீமியம் ரூ. 43,950. அரசே நிர்ணயித்து 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை அது. பத்து வண்டிக்கு ரூ. 4,39,500. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ரூ. 2,80,000. முதலாவதற்கு 2.5 விழுக்காடு, இரண்டாவதற்கு 15 என்பது ஒப்பந்தம். வர வேண்டியது 10,987.50 உடன் 42,000. வந்தது 42,000 மட்டும். மூன்றாம் நபர் பகுதி அப்படியே விடுபட்டிருக்கிறது. இங்கே சண்டைக்கே இடமில்லை. பிரீமியத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினால் பிழை தானே தெரியும். மோட்டார் பாலிசியில் பிரீமியத்தை ஒரே தொகையாக எழுதுகிறவர்கள் இந்தக் குறையை ஒருபோதும் பிடிக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் கசியும் இடம். ஒரு தொழிற்சாலை ஊழியர்களுக்கான குழு மருத்துவப் பாலிசி. மூலப் பாலிசியின் கமிஷன் முன்பே வந்துவிட்டது. மார்ச்சில் புதிய ஊழியர்களைச் சேர்த்ததற்குக் கூடுதல் பிரீமியம் ரூ. 1,20,000. விலகியவர்களை நீக்கியதற்குத் திருப்பிக் கொடுத்தது ரூ. 80,000. விகிதம் 7.5. சேர்ப்புக்கு 9,000 வர வேண்டும், நீக்கலுக்கு 6,000 கழிய வேண்டும், நிகரம் 3,000. ஸ்டேட்மெண்டில் இருந்ததோ கழித்தல் 6,000 மட்டும். சேர்ப்பு எண்டார்ஸ்மெண்டைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிகிறது. புரோக்கர் கோடு இருக்க வேண்டிய கட்டம் காலி. கம்பெனியின் கணினிக்கு அது வாடிக்கையாளர் நேரடியாக எடுத்த வணிகம். நீக்கலில் மட்டும் கோடு இருந்ததால் கழிவு தவறாமல் வந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாகப் போவதை யாரும் கவனிப்பதில்லை. எண்டார்ஸ்மெண்ட் கையில் வந்த அன்றே கோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவதே மருந்து.

நான்காவது, சரக்குப் போக்குவரத்துக் காப்பு. பிரீமியம் ரூ. 2,00,000. விகிதம் 15லிருந்து 12.5 ஆக மார்ச் 1 முதல் குறைந்தது. காப்பு தொடங்கியது பிப்ரவரி 24. பிரீமியம் பிப்ரவரி 22ஆம் தேதியே கட்டப்பட்டது. இந்தியச் சட்டப்படி பிரீமியம் வராமல் காப்பு தொடங்க முடியாது. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு அது. ஆனால் பாலிசி அச்சானது மார்ச் 3. கணினி அந்தத் தேதியை எடுத்து 12.5 போட்டுவிட்டது. விகிதக் கடிதத்தில் "காப்பு தொடங்கும் தேதி மார்ச் 1 அல்லது அதற்குப் பின்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் ரூ. 5,000. அங்கே "வழங்கிய தேதி" என்று இருந்திருந்தால் கம்பெனி பக்கமே நியாயம்.

ஐந்தாவது, ஒரு கடைக்காரரின் பாலிசி. அவர் கட்டியது ரூ. 59,000. நம் கணக்கில் அதற்கு 15 விழுக்காடு போட்டு 8,850 என்று எழுதியிருந்தது. 59,000இல் 9,000 ஜிஎஸ்டி. வரிக்குக் கமிஷன் கிடையாது. 50,000க்கு 7,500, கம்பெனி தந்ததும் அதுவே. பிழை நம்முடையது.

அன்று மாலை தாள் இப்படி முடிந்தது:

| பாலிசி | இக்கம்பெனி தர வேண்டியது (ரூ.) | தந்தது (ரூ.) | குறைவு (ரூ.) |
|---|---|---|---|
| தீ விபத்து (60% பங்கு) | 26,280.00 | 26,280.00 | இல்லை |
| பத்து லாரிகள் | 52,987.50 | 42,000.00 | 10,987.50 |
| குழு மருத்துவம் | 3,000.00 | -6,000.00 | 9,000.00 |
| சரக்குப் போக்குவரத்து | 30,000.00 | 25,000.00 | 5,000.00 |
| கடை | 7,500.00 | 7,500.00 | இல்லை |
| மொத்தம் | 1,19,767.50 | 94,780.00 | 24,987.50 |

கம்பெனிக்கு அனுப்பும் தாளில் இன்னும் சில பத்திகள் வேண்டும்: பாலிசி எண், எண்டார்ஸ்மெண்ட் எண், காப்பு தொடங்கிய தேதி, கமிஷனுக்குரிய பிரீமியம், விழுக்காடு, அந்த விழுக்காடு எந்தக் கடிதத்தில் இருக்கிறது, குறைவுக்குக் காரணம். கடைசிப் பத்தியைக் காலியாக விட்டு, "கம்பெனியின் பதில்" என்று தலைப்பு மட்டும் போட வேண்டும். படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் ஆம் அல்லது இல்லை எழுதியாக வேண்டிய நிலை வரும்.

வங்கியில் விழுந்த தொகையோடு இந்தத் தாளை ஒப்பிடக் கூடாது. கமிஷன் ரூ. 94,780 என்றால் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். புரோக்கர் கம்பெனியாக இருந்தால் 10 விழுக்காடு வருமான வரி பிடித்தமாகப் போகும். பிடித்த வரி புரோக்கரின் பெயரில் அரசிடம் இருக்கிறது. அதைக் குறைவு என்று கேட்பது வீண். வரிகள் சேராத கமிஷனோடு கமிஷனை மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். வழக்கமாக அது ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"2025 மார்ச் மாத கமிஷன் ஸ்டேட்மெண்டைப் பாலிசிவாரியாகச் சரிபார்த்தோம். இணைத்துள்ள தாளின்படி மூன்று இனங்களில் ரூ. 24,987.50 குறைவாக வந்துள்ளது. லாரிகளுக்கு மூன்றாம் நபர் பகுதியின் கமிஷன் சேரவில்லை. குழு மருத்துவச் சேர்ப்பு எண்டார்ஸ்மெண்டில் எங்கள் கோடு விடுபட்டுள்ளது. சரக்குப் பாலிசிக்குக் காப்பு தொடங்கிய தேதிக்குரிய விகிதம் போடப்படவில்லை. தீ விபத்து, கடை ஆகிய இரண்டு பாலிசிகளிலும் தங்கள் கணக்கே சரி. அவற்றில் எங்கள் கோரிக்கை இல்லை. ஸ்டேட்மெண்டில் உள்ள தொகைக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறோம். மீதித் தொகையை இதனால் விட்டுக்கொடுக்கவில்லை. தாளின் ஒவ்வொரு வரிக்கும் 15 நாளுக்குள் பதில் தர வேண்டுகிறோம்."

கம்பெனி சரியாகச் செய்த இரண்டையும் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். எதிரே இருக்கும் அதிகாரி முதலில் தேடுவது நம் பிழையைத்தான். அதை நாமே எடுத்துவிட்டால் மீதி மூன்று வரிகளைத்தான் அவர் படிக்க வேண்டியிருக்கும். "வேண்டுமென்றே குறைத்தீர்கள்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. மூன்றில் எதிலும் அதற்குச் சான்று இல்லை.

இன்வாய்ஸ் பற்றிய வரி மிக முக்கியம். ஸ்டேட்மெண்ட் முதலில் வரும். அதிலுள்ள தொகைக்கே புரோக்கர் இன்வாய்ஸ் எழுத வேண்டும் என்பது பல கம்பெனிகளின் நடைமுறை. மறுப்பு எதுவும் எழுதாமல் அப்படி இன்வாய்ஸ் போட்டால், குறைந்த தொகையை நாமே ஏற்றதாகப் பின்னால் சொல்வார்கள். ஆண்டு முடிவில் வரும் பாக்கி உறுதிக் கடிதமும் அப்படித்தான். "முழுவதும் தீர்ந்தது" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போடுமுன் நிலுவை வரிகளை அதிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.

கிளை அலுவலகத்துக்குப் பெரும்பாலும் விகிதத்தைத் திருத்தும் அதிகாரம் இருக்காது. கடிதத்தை அங்கே கொடுத்து, மண்டல அலுவலகத்தின் கமிஷன் பிரிவுக்கும் படி அனுப்புவது நல்லது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது பாலிசிதாரர்களின் புகாருக்கான இடம். புரோக்கர் கமிஷன் தகராறு அங்கே எடுபடாது. ஒப்பந்தத்தில் சமரசத் தீர்ப்புக்கு வழி இருந்தால் அது, இல்லையேல் உரிமையியல் நீதிமன்றம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளே கெடு. அதற்குள் கம்பெனி "இந்தத் தொகை தர வேண்டியுள்ளது" என்று கையெழுத்திட்டு எழுதித் தந்தால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். நாம் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது.

அதனால் பழைய பாக்கி வைத்திருக்கும் புரோக்கர்கள் இந்த வாரமே மூன்று ஆண்டை நெருங்கும் ஸ்டேட்மெண்டுகளை எடுங்கள். தேதியைப் பார்த்து, கெடு நெருங்குவதை முதலில் தாளில் ஏற்றுங்கள்.