மிஷின் ஓடும் முன் ஐந்து நிமிடம்

காலை ஆறு மணி ஷிப்ட். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, விரல் ரேகை வைத்து, பாதுகாப்பு ஷூவை மாட்டிக்கொண்டு வரும் தொழிலாளர்கள் நேராக மிஷினுக்குப் போவதில்லை. லைன் ஓரத்தில் தொங்கும் போர்டுக்கு முன்னால் அரைவட்டமாக நிற்பார்கள். சூப்பர்வைசர் பேசுவார். சில இடங்களில் இதை ஷிப்ட் மீட்டிங் என்பார்கள், கட்டுமான வேலைகளில் டூல் பாக்ஸ் டாக். ஜப்பானியக் கம்பெனிகளில் இதற்கு முன் கொஞ்சம் உடற்பயிற்சியும் உண்டு.

பேச்சு என்னவோ ஒன்றிரண்டு நிமிடம்தான். ஆனால் அதில் சொல்லவேண்டியது பேசும்போது கிடைப்பதில்லை. தெரிந்த சூப்பர்வைசர் கால் மணி நேரம் முன்பே வந்துவிடுவார். ராத்திரி ஷிப்ட் பார்த்தவரிடம் பேசுவார், லாக் புக்கைப் புரட்டுவார், ரிஜெக்ட் ஆன பீஸ்களைப் போடும் சிவப்புத் தொட்டியை எட்டிப் பார்ப்பார். இந்தத் தொட்டிதான் முக்கியம். லாக் புக்கில் ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிடலாம். தொட்டியில் கிடக்கும் இரும்பை மறைக்க முடியாது.

ஒரு காலையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். துளை போட்ட உலோக பாகம் ஒன்றைச் செய்யும் லைன், நிமிடத்துக்கு ஒரு பீஸ் வரும். ஷிப்ட் மொத்தம் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு 20, இந்த மீட்டிங்குக்கு 5 கழித்தால் மிச்சம் 425. பிளானிங்கிலிருந்து வந்த தாளிலும் 425 என்றே இருக்கிறது. ஆனால் இன்று நடுவில் ஒரு செட்டிங் மாற்ற வேண்டும், அதற்கு 25 நிமிடம் போகும். ஆக உண்மையில் முடிவது 400. இதைப் பிளானிங்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து, ஆட்களிடம் 400 என்று சொல்பவர் நல்ல சூப்பர்வைசர். தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பவரும் உண்டு. மிஷின் பக்கத்திலேயே நிற்கிறவனுக்குக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி அத்துப்படி. நடக்காத எண்ணைக் கேட்டதுமே, மீதிப் பேச்சை அவன் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவான்.

அந்தக் காலைப் பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“எட்டு மணிக்கு மெட்டீரியல் லாரி வருது. ஃபோர்க்லிஃப்ட் இந்த வழியாத்தான் போகும். டீக்குப் போறவங்க மஞ்சக் கோட்டுக்கு உள்ளயே நடங்க. அடுத்தது, இந்த பீஸப் பாருங்க. ஓட்டை ஓரத்துல பர் நிக்குது. ராத்திரி மூணாம் மிஷின்ல இப்படி மூணு பீஸ் வந்திருக்கு. புது இன்செர்ட் போட்டாச்சு. இருந்தாலும் பத்து பீஸுக்கு ஒரு தடவ செக் பண்ணுங்க. பர் தெரிஞ்சா மிஷின நிறுத்திட்டு என்னக் கூப்பிடுங்க. இன்னிக்கு நானூறு பீஸ். செட்டிங் டைமக் கழிச்சுத்தான் சொல்றேன். அப்புறம், நேத்து ரெண்டாம் மிஷின்ல சத்தம் மாறுதுன்னு தம்பி நிறுத்தினாப்ல. ட்ரில் உள்ளயே உடைஞ்சிருந்தா ஷிப்டே போயிருக்கும். எண்ணிக்கை இருபது கொறஞ்சுது, அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நிறுத்தினது சரி. நன்றி தம்பி.”

இவ்வளவுதான். பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை என்ற வரிசை பெரும்பாலான தொழிற்சாலைகளில் போர்டிலேயே எழுதியிருக்கும். ஆனால் இங்கே ‘பாதுகாப்பு முக்கியம்’ என்று எங்கும் வரவில்லை. எட்டு மணி, ஃபோர்க்லிஃப்ட், மஞ்சள் கோடு என்று இன்றைய ஆபத்து மட்டும் வருகிறது. ஜப்பானில் 1970-களில் எஃகு ஆலைகளிலிருந்து பரவிய ஆபத்தை முன்னுணரும் பயிற்சியும் இதே வழியில் போவதுதான்: வேலையைத் தொடங்கும் முன் சிறு குழுவாக நின்று, இந்த இடத்தில் என்ன நேரலாம் என்று தொழிலாளர்களே சொல்லி, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்து, விரல் நீட்டிக் குரல் கொடுத்து உறுதி செய்வார்கள். நாளைக்கும் அப்படியே சொல்லக்கூடிய வாக்கியம் என்றால் அதை இன்றைக்குச் சொல்லிப் பயனில்லை.

கடைசியில் வந்த நன்றியைக் கவனிக்க வேண்டும். பல மீட்டிங்குகளில் ‘எல்லாருக்கும் நன்றி, நல்லா பண்ணுங்க’ என்ற வரி, கூட்டம் கலையலாம் என்பதற்கான மணி மாதிரி ஒலித்துவிட்டுப் போகும். யாருக்கு, எதற்கு என்று இல்லாத நன்றி யாரையும் போய்ச் சேராது. மேலே உள்ள பேச்சில் நன்றி வேறு ஒரு வேலையும் செய்கிறது. பர் தெரிந்தால் மிஷினை நிறுத்து என்று சற்றுமுன் சொன்னாரே, அது மெய்தான் என்பதற்கு அதுவே சாட்சி. நேற்று நிறுத்தியவனுக்கு இருபது பீஸ் குறைந்தும் திட்டு விழவில்லை, எல்லார் முன்னாலும் நன்றி கிடைத்தது. இன்று நிறுத்தலாமா வேண்டாமா என்று தயங்குகிறவனுக்கு அந்தத் தயக்கம் குறையும்.

இதையே தலைகீழாகச் செய்யும் இடங்கள் நிறைய. தரம்தான் முதல் என்று பேசிவிட்டு, அதிகப் பீஸ் எடுத்தவருக்கு மட்டும் கைதட்டச் சொல்வார்கள். அங்கே ஆட்கள் கைதட்டலை நம்புவார்கள், பேச்சை அல்ல. விளைவு மாலையில் சிவப்புத் தொட்டியில் தெரியும். அல்லது தொட்டி காலியாக இருந்து, பத்து நாள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும். இரண்டாவதுதான் ஆபத்து.

தவறு செய்தவரின் பெயரைக் கூட்டத்தில் சொல்வதும் அப்படியே. மூன்று பீஸில் பர் வந்தது என்றால் எந்த மிஷின் என்று மட்டும் சொன்னால் போதும். யார் நின்றார் என்பதைத் தனியாக அழைத்துப் பேசிக்கொள்ளலாம். ஒருமுறை பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டவர் அடுத்த முறை கெட்ட பீஸைத் தொட்டியில் போடமாட்டார். நல்ல பீஸ்களுக்கு நடுவே தள்ளிவிடுவார்.

இன்னொரு சிக்கல், மொழி. அரைவட்டத்தில் நிற்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பலர். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அதனால்தான் அந்தக் கெட்ட பீஸைக் கையில் எடுத்துவந்து காட்ட வேண்டியிருக்கிறது. நல்ல பீஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பிறகு ஒருவரைக் கூப்பிட்டு, ‘பர் இருந்தா என்ன பண்ணுவே?’ என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். இந்தியோ ஒடியாவோ தெரிந்த சகதொழிலாளி ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்லலாம். இதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். பேச்சு பலித்ததா என்று பார்க்கவும் இதே வழிதான்: ஒன்பது மணி வாக்கில் லைனில் நடக்கும்போது யாராவது ஒருவரிடம், இன்றைக்கு எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன் என்று கேட்டால் தெரிந்துவிடும். மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லியிருந்தால் பெரும்பாலும் ஒன்றுகூட மிஞ்சாது.

இந்த ஐந்து நிமிடம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. சில இடங்களில் ஆறு மணிக்கு மேல், சம்பள நேரத்துக்குள் நடக்கும்; நம் கணக்கிலும் அதனால்தான் 5 நிமிடம் கழிந்தது. சில இடங்களில் 5.50-க்கே வந்து நிற்கச் சொல்வார்கள், ஆனால் கணக்கு ஆறிலிருந்துதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்றால் சின்னதாகத் தெரியும். மாதம் 26 நாளுக்கு 260 நிமிடம், அதாவது 4 மணி 20 நிமிடம். பாதி ஷிப்டுக்கும் மேல் சம்பளமில்லாமல் நின்றவரிடம் அந்த நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்பதை, மீட்டிங் நேரத்தை முடிவு செய்யும் மேலாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சூப்பர்வைசரால் அதை மாற்றவும் முடியாது. அவர் செய்யக்கூடியது, 5.50-க்கு அழைத்தால் 5.55-க்காவது விட்டுவிடுவது. ஆட்கள் டீ வண்டிப் பக்கம் போய்வர ஐந்து நிமிடம் மிஞ்சும்.