எரித்துப் பார்த்தால் 4.2, மண்வள அட்டையில் 1.2: எது சரி?

“ஒரே தோட்டத்து மண்ணை இரண்டு இடத்தில் கொடுத்தேன். மண்வள அட்டையில் அங்கக கார்பன் 1.2 சதவிகிதம் என்று வந்தது. இன்னொரு ஆய்வகத்தில் மண்ணை எரித்துப் பார்த்து 4.2 என்று எழுதித் தந்தார்கள். 4.2 இருந்தால் இந்த வருடம் வாழைக்குத் தொழு உரம் போட வேண்டாம்தானே?” கல்குளம் வட்டத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது.

தொழு உரத்தை நிறுத்த வேண்டாம். இரண்டு இடத்திலும் வேலையில் தப்பு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. எரித்துப் பார்த்த பிறகு போட்ட கணக்குதான் நம் மண்ணுக்குப் பொருந்தவில்லை.

மண்வள அட்டைக்கு, டைகுரோமேட் என்ற ரசாயனத்தால் மண்ணில் உள்ள கார்பனை ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கிறார்கள். எரிக்கும் முறை அதைவிட எளிது. நிழலில் உலர்த்திய மண்ணிலிருந்து வேர், சரளைக்கல்லை நீக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். பிறகு 105 டிகிரியில் ஓர் இரவு வைத்து ஈரத்தை முழுவதும் போக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மிச்சமிருக்கும் ஈரமும் மக்கின் கணக்கில் சேர்ந்துவிடும். அதில் 10 கிராமைப் பீங்கான் குவளையில் எடுத்து, மின் உலையில் 550 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, ஈரம் புகாத சாடியில் ஆறவிட்டு எடை பார்ப்பார்கள். எரிந்த மண் முழுக்கச் செங்கல் நிறமாக இருக்க வேண்டும். நடுவில் கறுப்பு தெரிந்தால் இன்னும் எரிந்து முடியவில்லை என்று அர்த்தம்.

வாசகரின் மண் 10 கிராமிலிருந்து 9.28 கிராமாகக் குறைந்திருக்கிறது. இழப்பு 7.2 சதவிகிதம். அதை 1.724 ஆல் வகுத்தால் 4.2 வரும். மக்கில் 58 சதவிகிதம் கார்பன் என்ற பழைய அனுமானத்திலிருந்து வந்த எண் இந்த 1.724. பல மண்களில் மக்கில் பாதிதான் கார்பன், ஆகவே 2 ஆல் வகுப்பதே பொருத்தம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் 2 ஆல் வகுத்தாலும் இங்கே 3.6 வருகிறது. அப்போதும் 1.2 ஐ நெருங்கவில்லை.

காரணம், எரிந்து போன 7.2 இல் பெரும்பகுதி மக்கே இல்லை, தண்ணீர். நம் மாவட்டத்தின் செம்மண்ணும் செம்பொறை மண்ணும் மழையிலேயே ஊறி உருவானவை. அவற்றில் கெயோலினைட் என்ற களிமண் நிறைய உண்டு. பீங்கான் செய்யும் களிமண்ணும் இதுதான். அதன் எடையில் ஏறக்குறைய 14 சதவிகிதம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. 105 டிகிரியில் அது அசையாது. 550 டிகிரிக்குள் வெளியேறிவிடும். மண்ணில் இந்தக் களி 35 சதவிகிதம் இருந்தால், அந்தத் தண்ணீர் மட்டுமே 5 சதவிகித இழப்பைக் காட்டும். மணற்பாங்கான நிலத்தில் இந்தத் தொல்லை குறைவு.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதே தோட்டத்தில் மூன்றடி ஆழத்து மண்ணையும் எடுத்து, இரண்டு முறையிலும் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணமாக, ஆழத்து மண்ணில் எரிப்பு இழப்பு 5.6, டைகுரோமேட் முறையில் கார்பன் 0.3 என்று வைத்துக்கொள்வோம். மேல்மண்ணில் இவை 7.2, 1.2. இழப்பின் வித்தியாசம் 1.6, கார்பனின் வித்தியாசம் 0.9. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.78 வருகிறது. ஆக, 1.724 என்ற எண் அவ்வளவு மோசமில்லை; களியின் தண்ணீரைக் கழிக்காமல் அதைப் போட்டதுதான் கோளாறு. இந்த மண்ணுக்குக் கணக்கு இப்படி வரும்: எரிப்பு இழப்பில் 5.1 ஐக் கழித்து, மீதியை 1.78 ஆல் வகுக்க வேண்டும். 7.2 இல் 5.1 போக 2.1, வகுத்தால் 1.2.

ஆழத்து மண்ணில் களி மேல்மண்ணைவிட அதிகமாக இருந்தால், கழிக்கும் எண் கூடிப்போய் கார்பன் குறைவாகத் தெரியும். செம்மண்ணில் இப்படி இருப்பது சகஜம். அதனால் ஆய்வகமே அக்கம்பக்கத்து மண்கள் பலவற்றை இரண்டு முறையிலும் பார்த்துத் தனக்கென ஒரு கணக்கை வைத்திருப்பதுதான் நம்பத்தக்கது. தோவாளை வயலுக்குப் போட்ட கணக்கைக் குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்குப் போடக் கூடாது. சில ஆய்வகங்கள் 360 டிகிரியிலேயே 2 மணி நேரம் எரிக்கின்றன. அந்தச் சூட்டில் கெயோலினைட் தண்ணீரை விடுவதில்லை. ஆனால் செம்பொறை மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியச் சேர்மங்கள் விட்டுவிடும்.

வீட்டு அடுப்பில் சட்டியில் வறுத்துப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சூடு ஒரே சீராக இருக்காது, கடைத் தராசுக்கு இந்த எடை வித்தியாசமும் தெரியாது. விறகுதான் வீண்.

0.75 சதவிகிதத்துக்கு மேல் அங்கக கார்பன் இருந்தால் ‘அதிகம்’ என்றுதான் அட்டை சொல்லும். வாசகரின் 1.2 நல்ல அளவுதான். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் மக்கு வேகமாகக் கரையும்; வழக்கமாக வைக்கும் தொழு உரத்தை நிறுத்தினால் இந்த 1.2 நிற்காது. அடுத்த முறை எரித்துப் பார்க்கக் கொடுத்தால், எத்தனை டிகிரியில் எரித்தார்கள், எதைக் கழித்து எதனால் வகுத்தார்கள் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.