படி சரி, விடை ஏன் தப்பு?

நிலக்கோட்டை

அன்புள்ள அக்கா,

தம்பிக்கு அசமன்பாடு தீர்க்கும் வழிமுறை தெரியும். நோட்டில் படிகள் எல்லாம் சரிதான். மார்க் போவது கடைசி வரியில்.

உங்கள் பூக்கடை கணக்காகவே சொல்கிறேன். கையில் 30 முழம் மல்லிகை இருக்கிறது. ஆளுக்கு 4 முழம் கொடுத்த பிறகும் 10 முழத்துக்கு மேல் மிஞ்ச வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? 30 − 4x > 10. இரு பக்கமும் 30-ஐக் கழித்தால் −4x > −20. −4-ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, x < 5.

குறி ஏன் திரும்புகிறது? 2 ரூபாயை விட 5 ரூபாய் பெரிது. அதுவே கடனானால், 5 ரூபாய் கடன்காரர்தான் கீழே இருப்பார். குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் வரிசை தலைகீழாகும். இதைத் தம்பி சரியாகவே செய்கிறான்.

ஆனால் x < 5 என்று எழுதியதும் பேனாவை வைத்துவிடுகிறான். சமன்பாட்டில் x = 5 வந்தால் வேலை முடிந்தது; அந்தப் பழக்கம்தான் காரணம். இங்கே x ஆள் எண்ணிக்கை, அதாவது இயல் எண். எனவே விடை 1, 2, 3, 4. எண்கோட்டில் 5-க்கும் சேர்த்துப் புள்ளி வைத்திருந்தான். ஐந்து பேருக்குக் கொடுத்தால் மிஞ்சுவது சரியாக 10 முழம். அது 10-க்கு மேல் இல்லையே! கேள்வியில் ≥ இருந்திருந்தால் 5-ம் சேரும்.

வீட்டில் கணக்கு போடும்போது 5-ஐயும் 4-ஐயும் முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 4 போட்டால் 14 வரும், அது பொருந்தும்.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர்